பிரிந்து மூன்றாவது வாரம்: அவன் எண்ணை பிளாக் செய்யவா, வேண்டாமா?

கொடிமுல்லை

எனக்கு 28 வயது, கோயம்புத்தூரில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். ஐந்து வருடம் பழகினோம். போன மாதம் அவன் ஊருக்குப் போய் வீட்டில் பேசினான். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார்கள் என்றான், அப்பா பேசவே இல்லை என்றான். அப்புறம் இரண்டு நாள் கழித்து போனில், "என்னால முடியல, விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டான். சண்டை போடவில்லை. இருவரும் அழுதோம், போனை வைத்தோம்.

ஆனால் முடிந்தது என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, ராத்திரி பதினொரு மணிக்கு மேல், "சாப்பிட்டியா?" என்று ஒரு மெசேஜ் வருகிறது. நான் பதில் போட்டால் நாலு வரி பேசுவான், பிறகு திடீரென்று நிறுத்திவிடுவான். வராத ராத்திரிகளில் நான் தூங்குவதில்லை, அவன் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். இன்ஸ்டாவில் அவன் ஸ்டோரி போட்டால் அதில் யார் கை தெரிகிறது, எந்த ஹோட்டல் டேபிள் என்றெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

தோழிகள் எல்லோரும் பிளாக் செய் என்கிறார்கள். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, என் கிரெடிட் கார்டில் அவனுக்கு வாங்கிய போனுக்கு மாதம் 4,600 தவணை, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மாதாமாதம் ஜீபேயில் அனுப்புவான். பிளாக் செய்தால் அதை எப்படிக் கேட்பது? இன்னொன்று, ஐந்து வருடம் கூட இருந்தவனை ஒரு பட்டனை அழுத்தி வெளியே தள்ளுவது எனக்கு மனசு வரவில்லை. அவன் கெட்டவன் இல்லை. இந்த மாதிரி இருந்தவர்கள் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

சேலம்சிவா

யோசிக்கவே வேண்டாம், எல்லா இடத்திலும் பிளாக். 30 நாள் ஒரு வார்த்தை பேசாதீங்க. நீங்கள் பதில் போடுவதால்தான் அவனுக்கு உங்கள் அருமை தெரியவில்லை. முப்பது நாள் சத்தமே இல்லாமல் இருந்து பாருங்கள், அவனே வருவான், என் நண்பனுக்கு அப்படித்தான் நடந்தது. அதுவரைக்கும் அவனிடம் பிடிக்காத விஷயங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஞாபகம் வரும்போதெல்லாம் எடுத்துப் படியுங்கள். எனக்கு அது நல்லா வேலை செய்தது.

கீழக்கரை முருகன்

தங்கச்சி, இதில் மனம் தளர ஒன்றுமே இல்லை. பெற்றோர் சம்மதிக்கவில்லை என்றால் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 1954-லேயே வந்தது. திருமணப் பதிவு அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்தால் போதும், மூன்று சாட்சி வேண்டும். பையனைக் கூப்பிட்டு தைரியம் சொல்லுங்கள். குழந்தை பிறந்தால் எல்லாரும் ராசியாகிவிடுவார்கள்.

கொடிமுல்லை

முருகன் அண்ணா, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் நான் கேட்டது அது இல்லை. சட்டம் தெரியாமல் அவன் விடவில்லை. நாங்களே அதைப் பற்றி இரண்டு வருடம் முன்னால் விசாரித்து வைத்திருந்தோம். அவனுக்கு முடியவில்லை, அதை என்னிடம் சொல்லிவிட்டான். நான் கேட்பது இனிமேல் அவனோடு பேசுவதா வேண்டாமா என்பதைத்தான்.

மருதம்

நான் ஆலோசகராக வேலை பார்க்கிறேன், காதல் பிரிவுக்காக வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பதினொரு மணி மெசேஜ்தான்.

தினமும் ஒரே நேரத்துக்கு மெசேஜ் வந்தால் மனசு அதற்குப் பழகிவிடும். ஒரேயடியாக வரவே இல்லை என்றாலும் கொஞ்ச நாள் தவித்துவிட்டு அடங்கிவிடும். சில நாள் வந்து சில நாள் வராமல், எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. மெசேஜ் வந்த ராத்திரியைவிட வராத ராத்திரியில் நீங்கள் அதிகம் தவிப்பது அதனால்தான். அவன் இதைத் திட்டம்போட்டுச் செய்கிறான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கும் ராத்திரி பதினொரு மணிக்குத் தாங்கவில்லை, ஒரு வரி போட்டு உங்கள் பதிலைப் பார்த்ததும் அவன் மனசு அடங்கிவிடுகிறது, போனை வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். உங்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்பாரா, எமரி என்று இரண்டு உளவியலாளர்கள் 2005-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சமீபத்தில் பிரிந்த கல்லூரி மாணவர்களிடம் 28 நாள் தொடர்ந்து அன்றன்றைய மனநிலையைக் குறித்து வாங்கினார்கள். நாள் ஆக ஆக எல்லோருக்கும் அன்பும் துக்கமும் மெல்ல இறங்கின, ஆனால் பழைய துணையோடு தொடர்பில் இருந்தவர்களுக்கு அந்த இறக்கம் மெதுவாக இருந்தது. அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகளிடம் நடந்தது. உங்கள் ஐந்து வருடத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என்னிடம் வருகிறவர்களிடம் நான் பார்ப்பதும் அதேதான்.

சிவா சொன்னதில் பாதி சரி. பேசாமல் இருப்பது உதவும். ஆனால் அவன் திரும்பி வருவதற்காகப் பேசாமல் இருந்தால் நீங்கள் முப்பது நாளும் அவனோடுதான் இருப்பீர்கள், இன்று பார்த்திருப்பானா, நாளைக்கு வருவானா என்று. முப்பது என்ற எண்ணுக்கு எந்த அடிப்படையும் இல்லை. முப்பத்தோராவது நாள் வராவிட்டால் இரண்டாவது தடவை பிரிந்த மாதிரி இருக்கும்.

சேலம்சிவா

சரி, திரும்பி வருவான் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் குறை எழுதும் நோட்டு? அது எனக்கு நிஜமாகவே உதவியது.

மருதம்

அதற்கும் ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது, லாங்கெஸ்லாக் என்பவர் 2018-இல் செய்தது, 24 பேர்தான். பழைய துணையின் குறைகளை நினைத்துப் பார்த்தவர்களுக்குக் காதல் உணர்வு கொஞ்சம் குறைந்தது, அதோடு அந்த நேரத்து மனநிலையும் மோசமானது. அதனால் நோட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கப் போகும் முன்னால் மட்டும் எடுக்க வேண்டாம். அப்புறம் கொடிமுல்லை "அவன் கெட்டவன் இல்லை" என்கிறார். அவனைக் கெட்டவனாக்கினால்தான் விலக முடியும் என்றில்லை. "அம்மா அழுதால் இவன் நிற்க மாட்டான்" என்று ஒரு வரி எழுதினாலே போதும், அது திட்டும் இல்லை, நடந்த உண்மை.

தறிக்காரன்

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். என்னை ஒரு நாள் காலையில் எல்லா இடத்திலும் பிளாக் செய்துவிட்டாள். வாட்ஸ்அப்பில் ஒரே டிக், போன் பண்ணினால் உடனே கட், இன்ஸ்டாவில் ஆளே காணோம். முதலில் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அவள் தோழி வீடு வரைக்கும் போனேன். அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது பிளாக் என்று. எனக்கு அதைத் தாண்டி வர ரொம்ப நாள் பிடித்தது. பிளாக் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுச் செய்திருந்தால் நான் அந்தத் தெருவில் நின்றிருக்க மாட்டேன்.

பானுமதி

தம்பி சொல்வது நியாயம்தான், ஆனால் எல்லாருக்கும் அந்த ஒரு வரி சொல்லக்கூட வசதி இருக்காது. மிரட்டுகிறவன், போட்டோவை வைத்துப் பேசுகிறவன், வீட்டு வாசலில் வந்து நிற்கிறவன் என்றால் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, மெசேஜை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்து பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட வேண்டும். இந்தப் பெண்ணின் கதை அப்படி இல்லை, அது புரிகிறது.

என் கதை வேறு. எனக்கு விவாகரத்தாகி பையன் என்னோடு இருக்கிறான். பிளாக் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப்போக வர வேண்டும், ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். முதல் சில மாதம் ஃபீஸ் பற்றிப் பேச ஆரம்பித்து சமையல், மாமியார், பழைய சண்டை எல்லாம் வந்து விடிய விடிய அழுதிருக்கிறேன். அப்புறம் இமெயிலுக்கு மாற்றினோம். இமெயிலில் யாரும் ராத்திரி "சாப்பிட்டியா" என்று எழுதுவதில்லை. ஃபீஸ், தேதி, நேரம், அவ்வளவுதான். பணம் சம்பந்தப்பட்ட பேச்சை அதற்கென்று ஒரு இடத்துக்குத் தள்ளிவிட்டால் மற்றதை நிறுத்தலாம் மா.

மருதம்

பானுமதி அக்கா சொன்னதுதான் இங்கே வழி. கொடிமுல்லை, நீங்கள் "தொடர்பு" என்று ஒன்றாகச் சொல்வதில் மூன்று இருக்கிறது. பணம் ஒன்று. அவன் விசாரிப்பது ஒன்று. அவனுக்குத் தெரியாமல் நீங்கள் பார்ப்பது ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கப் பார்ப்பதால்தான் கை வரவில்லை.

முதலில் மூன்றாவது, ஏனென்றால் அதற்கு அவன் சம்மதமே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Last seen and online போய் "My contacts except..." என்பதில் அவன் பெயரை மட்டும் டிக் செய்யுங்கள். கீழே Online என்பதற்கு "Same as last seen" வையுங்கள். அவனுக்கு உங்கள் நேரம் தெரியாது, உங்களுக்கும் அவன் நேரம் தெரியாது. பார்க்காதே என்று மனசிடம் ராத்திரி முழுக்கச் சொல்வதைவிட, பார்க்க ஒன்றும் இல்லாமல் செய்துவிடுவது சுலபம். அவனோடு பேசும் சாட்-ஐ ஆர்க்கைவில் போட்டால் புது மெசேஜ் வந்தாலும் மேலே ஏறி வராது. இன்ஸ்டாவில் அவன் ஸ்டோரியையும் போஸ்டையும் மியூட் செய்யுங்கள். நீங்கள் ஸ்டோரி பார்ப்பது அவன் லிஸ்டில் தெரிகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம், அதைப் பார்த்துத்தான் சில ராத்திரிகள் மெசேஜ் வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மார்ஷல் என்பவரின் 2012 ஆய்வில், பழைய துணையின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி பார்த்தவர்களுக்கு வேதனையும் ஏக்கமும் அதிகமாக இருந்தது. பார்ப்பதால் வேதனையா, வேதனை அதிகமாக இருப்பவர்கள்தான் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. உங்களுக்கு எது என்று ஒரு வாரம் மியூட் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொடிமுல்லை

அந்த ஸ்டோரி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது போய் மெசேஜ் வந்த நேரங்களைப் பார்த்தேன், இரண்டு தடவை நான் ஸ்டோரி பார்த்து கொஞ்ச நேரத்தில்தான் வந்திருக்கிறது. மியூட் செய்துவிட்டேன். லாஸ்ட் சீனும் மாற்றிவிட்டேன், கை நடுங்கியது.

பணத்துக்கு அவனுக்கு இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன், சரியா பாருங்கள்:

"எப்படி இருக்க? அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையா? எனக்கு உன்மேல கோபம் எதுவும் இல்ல. போன் இஎம்ஐ பத்திக் கொஞ்சம் பேசணும், எப்ப பேசலாம்? நாம கொஞ்ச நாள் பேசாம இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு தோணுது, நீ என்ன நினைக்கிற?"

பானுமதி

கண்ணு, இதற்குப் பதில் வந்தால் அன்று ராத்திரி விடிய விடியப் பேசுவீர்கள்.

மருதம்

நான்கு கேள்வி இருக்கிறது, நான்கும் பதில் கேட்கிறது. பேசாமல் இருப்போமா என்பதையே அவனிடம் கேட்கிறீர்கள். அவன் "எனக்கு உன்கூடப் பேசாம இருக்க முடியாது" என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? இது உங்கள் முடிவு, அவனுடைய அனுமதி இதற்கு வேண்டாம். கோபம் இல்லை என்பதும் இப்போது வேண்டாம். உண்மைதான், ஆனால் அந்த வரியைத்தான் அவன் திரும்பத் திரும்பப் படிப்பான். "கொஞ்ச நாள்" என்பதையும் எடுத்துவிடுங்கள், எத்தனை நாள் என்று அவன் கேட்பான், நீங்களும் எண்ண ஆரம்பிப்பீர்கள்.

பணம் மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படி என்பது ஒரு பகுதி. இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது இரண்டாவது பகுதி. ஒரு மாதிரி எழுதுகிறேன், உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"போன் தவணை இன்னும் 5 இருக்கு, மொத்தம் 23,000. ஒரே தடவையா அனுப்ப முடிஞ்சா இந்த மாசமே அனுப்பிடு. முடியலன்னா மாசம் 3-ஆம் தேதி 4,600 தானா என் அக்கவுண்டுக்கு வர்ற மாதிரி உன் பேங்க்ல போட்டு வச்சிடு, அக்கவுண்ட் நம்பர் கீழ இருக்கு. வேற எதுவும் நான் இப்ப பேசப்போறதில்ல. ராத்திரி மெசேஜ் போடாத, நான் பதில் போடமாட்டேன். இந்த நம்பர வாட்ஸ்அப்ல பிளாக் பண்றேன். பணம் சம்பந்தமா எதுவும்னா மெயில் பண்ணு."

பகலில் அனுப்புங்கள். ராத்திரி அனுப்பினால் ராத்திரிப் பேச்சாகிவிடும். அவன் படித்துவிட்டான் என்று நீல டிக் வந்ததும் பிளாக் செய்யுங்கள், தறிக்காரன் சொன்ன அந்தத் தெருவில் அவன் நிற்க வேண்டியதில்லை.

வங்கிக்கிளி

பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நெட் பேங்கிங்கில் உங்கள் கணக்கை பெனிஃபிஷியரியாகச் சேர்த்துவிட்டால், மாதாமாதம் ஒரு தேதிக்கு இத்தனை ரூபாய், இத்தனை தடவை என்று அவர் ஒரு தடவை போட்டு வைத்துவிடலாம். அப்புறம் மூன்றாம் தேதி அவருக்கு நீங்களும் ஞாபகப்படுத்த வேண்டாம், அவரும் "அனுப்பிட்டேன்" என்று எழுத வேண்டாம். மொத்தமாக 23,000 வந்தால் கார்டு கம்பெனியில் சொல்லி தவணையை முன்கூட்டியே முடிக்கலாம், அதற்குத் தனியாகக் கட்டணமும் வரியும் பிடிப்பார்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முடிக்காமல் அந்தப் பணத்தைத் தனியாக வைத்து மாதாமாதம் கட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொன்று. கடன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அவர் அனுப்பாவிட்டாலும் கட்ட வேண்டியது நீங்கள், தவறினால் சிபில் ஸ்கோர் உங்களுக்குத்தான் அடிவாங்கும். அதனால் வராவிட்டால் ஐந்து மாதம் 4,600 உங்களால் கட்ட முடியுமா என்று இப்போதே பார்த்து வையுங்கள். முடியும் என்றால், அந்தப் பணத்துக்காக எவ்வளவு தூரம் அவர் பின்னால் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

சேலம்சிவா

23,000-ஐ விட்டுவிடுவதா? அது எப்படிங்க? அவன் கையில் போன் இருக்கிறதே.

பானுமதி

விடச் சொல்லவில்லையே. ஆனால் நான் பார்த்தவரைக்கும், பணத்தைக் காரணமாக வைத்துக்கொண்டு மனசு பேசப் போகும். நான் அவருடைய பழைய ஹெல்மெட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லி எத்தனை தடவை போன் பண்ணியிருக்கிறேன் தெரியுமா. அது பரணில்தான் கிடந்தது, யாருக்கும் தேவைப்படவில்லை.

கொடிமுல்லை

ஐந்து மாதமும் நானே கட்ட முடியும், கஷ்டம்தான் ஆனால் முடியும். அதை எழுதிப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மருதம் எழுதிக் கொடுத்த மாதிரியே அனுப்பினேன். கடைசி வரியில் "உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சேர்த்தேன், அது இல்லாமல் அனுப்ப முடியவில்லை. நீல டிக் வந்தது. டைப்பிங் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. "சரி" என்று மட்டும் எழுதினான். நான் பிளாக் செய்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். பக்கத்து சீட் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

எல்லாரும் சொல்கிற நிம்மதி வரவில்லை. இன்னும் மோசமாக இருக்கிறது. நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை.

மருதம்

முதல் சில நாள் அப்படித்தான் ஏறும். எதிர்பார்த்த மெசேஜ் ஒரேயடியாக நின்றதும் மனசு முன்னைவிட அதிகமாகத் தேடும், பிளாக்கை எடுத்துவிடலாமா என்ற எண்ணமும் அப்போதுதான் மிக வேகமாக வரும். தப்பான முடிவு எடுத்துவிட்டோமோ என்று தோன்றுவதும் அந்த நேரத்தில்தான். அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். பிளாக்கில் இருக்கும்போது அவன் அனுப்பியது எதுவும் பிளாக்கை எடுத்த பிறகும் வந்து சேராது, அதனால் "என்ன எழுதியிருப்பான்" என்று திறந்து பார்க்க அங்கே ஒன்றும் இருக்கப் போவதில்லை.

ராத்திரி போனை ரூம்மேட் பக்கம் சார்ஜில் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு விழித்தால் தூக்கத்தை வரவழைக்கப் போராட வேண்டாம், எழுந்து முகம் கழுவி விளக்கைப் போட்டு உட்காருங்கள். மத்தியானம் தூங்கி ஈடுகட்டாதீர்கள், அப்புறம் ராத்திரியும் போய்விடும். சாப்பாடு தட்டு நிறைய வேண்டாம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு இட்லி, ஒரு டம்ளர் மோர்க்கஞ்சி, ஒரு வாழைப்பழம், இப்படி இறங்குகிறது எதுவோ அது.

கூகுள் போட்டோஸில் மெமரீஸ் அமைப்பில் "Hide people & pets" என்று இருக்கும், அதில் அவன் முகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். போட்டோ எதையும் அழிக்க வேண்டாம். "போன வருடம் இதே நாள்" என்று அதுவாக வந்து நிற்காமல் இருந்தால் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் இதே மாதிரி இருந்தால், அல்லது வேலைக்கே போக முடியாமல் ஆனால், டாக்டரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்று ஒரு நிமிடம் தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தினுடையது, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேராகவே கேட்கிறேன், அப்படி ஏதாவது தோன்றுகிறதா?

கொடிமுல்லை

இல்லை. அப்படி எதுவும் இல்லை. அழுகைதான். எண்ணை போனில் பதிந்து வைத்துக்கொண்டேன். நேராகக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்கவில்லை.

தறிக்காரன்

"உடம்பப் பாத்துக்கோ" எழுதியது நல்லதுதான். எனக்கு அப்படி ஒரு வரி கிடைத்திருந்தால் போதும் என்று இருந்திருக்கும். மருதம் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மருதம்

நான் என்றால் எழுதச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அது இல்லாமல் அந்த மெசேஜே போயிருக்காது என்றால், போனதே பெரிது.

கொடிமுல்லை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். தூக்கம் அஞ்சு மணி வரைக்கும் நீண்டிருக்கிறது. பகலில் சில நேரம் அவனை நினைக்காமலே வேலை ஓடிவிடுகிறது, பிறகு நினைக்கவில்லையே என்று நினைத்து அழுகை வருகிறது.

இப்போது வேறு ஒன்று. நேற்று ராத்திரி ஜீபேயில் ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறான், குறிப்பில் "ஒரே ஒரு தடவை பேசணும்" என்று. தவணைப் பணம் இன்னும் வரவில்லை, மூன்றாம் தேதிக்கு நாள் இருக்கிறது. பதில் போடவில்லை. ஆனால் அந்த ஒரு ரூபாயை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அதோடு அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் பொதுவான தோழியின் கல்யாணம், கரூரில். அவனும் வருவான். போகாமல் இருந்தால் அவள் மன்னிக்க மாட்டாள்.

சேலம்சிவா

ஒரு தடவை பேசிவிட்டால் என்ன? ஒருவேளை வீட்டில் சம்மதித்திருக்கலாம் இல்லையா?

பானுமதி

சம்மதித்திருந்தால் ஒரு ரூபாய் அனுப்பியா சொல்வார்கள் தம்பி? மெயில் கொடுத்திருக்கிறாள், அங்கே எழுதலாம். வீட்டோடு வந்து கேட்கலாம்.

வங்கிக்கிளி

ஜீபேயிலும் ஆளை பிளாக் செய்யலாம், ஆனால் அதன் வழியாகப் பணமும் வராது. அக்கவுண்ட் நம்பர் கொடுத்திருப்பதால் பேங்க்கிலிருந்து நேராக அனுப்ப அவருக்கு வழி இருக்கிறது. அதிலும் ஒரு குறிப்பு எழுத முடியும்தான், ஆனால் ஸ்டேட்மென்ட்டில் கிடக்கும், ராத்திரி போன் திரையில் முகத்துக்கு நேரே வந்து நிற்காது.

மருதம்

ஜீபேயிலும் பிளாக் செய்யலாம் என்பதுதான் என் எண்ணம், மூன்றாம் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு ரூபாய்க்கு இப்போது பதில் போட்டால், வேறு வழியில் தட்டினால் திறக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அவன் மேல் குற்றம் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் கற்றுக்கொள்வார்கள். உண்மையிலேயே சொல்ல ஏதாவது இருந்தால் மெயில் இருக்கிறது. மெயில் வந்தால் அதையும் ராத்திரி திறக்காதீர்கள், மறுநாள் பகலில், ரூம்மேட் பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள்.

பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்து டீக்கடையில் உட்கார்ந்து நன்றாகப் பேசிவிட்டு எழுந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான். அவன் "எனக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்கள்" என்று சொன்னால் அன்று ராத்திரி நீங்கள் தூங்குவீர்களா? இல்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை.

கல்யாணத்துக்கு என்ன சொல்வது என்று எனக்கே தெளிவாக இல்லை. போகாமல் இருந்தால் தோழியையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கும், அது சின்ன விஷயம் இல்லை.

தறிக்காரன்

கல்யாணத்துக்குப் போகலாம் என்பேன். என்றைக்காவது ஒரு நாள் எங்காவது பார்க்கத்தானே வேண்டும். நான் எட்டு மாதம் எல்லா விசேஷத்தையும் தவிர்த்து வீட்டிலேயே இருந்தேன், கடைசியில் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பானுமதி

போனாலும் ராத்திரி அங்கே தங்காதே மா. முகூர்த்தத்துக்குப் போய், தாலி கட்டி முடிந்ததும் மேடையேறி போட்டோ எடுத்துக்கொண்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிடு. கூட ஒரு ஆள் வேண்டும். தனியாகப் போனால் அவன் வந்து நிற்பான், நீயும் நிற்பாய்.

கொடிமுல்லை

ஜீபேயில் பிளாக் செய்துவிட்டேன். மருதம் கேட்ட அந்தக் கேள்விக்கு என் பதில், தூங்க மாட்டேன்.

ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலம், முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. முகூர்த்தத்துக்கு நேரத்தில் போக வேண்டுமென்றால் கோவையிலிருந்து ராத்திரியே கிளம்ப வேண்டும், தங்காமல் எப்படி என்று பார்க்கிறேன். ரூம்மேட் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கல்யாணப் பெண்ணிடம் நாளைக்குப் போன் பண்ணி, அவன் ரிசப்ஷனுக்கு வருகிறானா முகூர்த்தத்துக்கு வருகிறானா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அது மட்டும் தெரிந்தால் மற்றொன்றுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். இரண்டுக்குமே வருகிறான் என்றால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.